நொக்அவுட்டா, லீக்கா? சம்பியனைத் தீர்மானிக்க எது நியாயம்?

பூவரசு | 3 ஆகஸ்ட் 2025, இரவு 9.40

எங்கட கழகம் போன கிழமை ஒட்டுசுட்டான் பக்கம் எழுவர் உதைபந்தாட்டத்துக்குப் போனது. எட்டு அணி, நொக்அவுட், ஒரே நாள். குலுக்கலிலை முதல் ஆட்டமே பிறகு சம்பியனான அணியோட விழுந்திட்டுது. 1-0, கடைசி நேரத்திலை விழுந்த கோல். அதோட வீட்டுக்கு. அதே அணி அரையிறுதியை 4-0 எண்டும் இறுதியாட்டத்தை 3-0 எண்டும் வெண்டது. இரண்டாம் இடக் கிண்ணம் வாங்கின அணியை நாங்கள் வைகாசியிலை நல்லா அடிச்சு வெண்டனாங்கள்.

எங்கட தலைவர் இப்ப "அடுத்த முறை எங்கட போட்டியை முழு லீக்கா வைப்பம், அதுதான் நியாயம்" எண்டு நிக்கிறார். அது சரியோ? போட்டி நடத்திப் பழகின ஆக்கள் சொல்லுங்கோ.

சிறுபோகம் | 3 ஆகஸ்ட் 2025, இரவு 10.05

இதிலை கேக்க என்ன இருக்கு? எல்லாரும் எல்லாரோடையும் விளையாடினால் அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை. லீக்தான் நியாயம். நொக்அவுட் எண்டது குலுக்குச் சீட்டு.

சுண்ணாம்புக்கோடு | 4 ஆகஸ்ட் 2025, காலை 6.15

தம்பி பூவரசு, உங்கட கேள்விக்குள்ள இரண்டு கேள்வி இருக்குது. சம்பியன் சரியான அணியா என்பது ஒன்று. இரண்டாம் இடம் சரியான அணிக்குப் போனதா என்பது மற்றது. நீங்கள் சொன்ன கோல் கணக்கைப் பார்த்தால் முதலாவதில் உங்களுக்கே சந்தேகம் இல்லை. மனம் வெந்தது இரண்டாவதில். நொக்அவுட் உண்மையில் தடுமாறுவதும் அந்த இடத்தில்தான்.

எட்டு அணிக்கும் பலத்தின்படி 1 தொடக்கம் 8 வரை இலக்கம் போடுங்கோ. எந்த ஆட்டத்திலும் பலமான அணிதான் வெல்லும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுவம். சீட்டு எப்படி விழுந்தாலும் 1 தான் சம்பியன், அதில் பிழை வராது. இப்ப 2 எங்க விழலாம் என்று பாருங்கோ. 1 ஒரு இடத்தை எடுத்தால் மிச்சம் ஏழு இடம். அதில் மூன்று இடம் 1 இருக்கிற அரைவாசியில், நாலு இடம் மற்ற அரைவாசியில். மற்றப் பக்கம் விழுந்தால்தான் 2 இறுதியாட்டத்துக்கு வரும். அதாவது ஏழில் மூன்று பங்கு வாய்ப்பு, போட்டியிலேயே இரண்டாவது நல்ல அணி இறுதியாட்டத்துக்கு முதலே பையைக் கட்டிக்கொண்டு போகும். ஒருத்தரும் பிழை விடவில்லை, மத்தியஸ்தரும் பிழை விடவில்லை, அப்படி இருந்தும் இது நடக்கும்.

இதை 1883 இலேயே இங்கிலாந்தில் டொட்ஜ்சன் என்ற கணித விரிவுரையாளர் டென்னிஸ் போட்டிகளை வைத்து எழுதிக் காட்டினவர். லூயிஸ் கரோல் என்ற பெயரில் சிறுவர் கதை எழுதினவரும் அவர்தான்.

ரொறன்ரோ வாசி | 4 ஆகஸ்ட் 2025, பிற்பகல் 4.50

நாங்கள் இஞ்சை இருந்து கிண்ணத்துக்கும் சாப்பாட்டுக்கும் காசு அனுப்பிறனாங்கள். லைவ் போட்டால் ஒரு நாள்தான் சனம் இருந்து பாக்கும். கிழமைக்கணக்கா லீக் இழுத்தால் ஆர் பாக்கிறது? அண்ணைமார் அதையும் யோசியுங்கோ. கப்புக்கு எவ்வளவு உயரம் வேணும் எண்டு இப்பவே சொன்னால் நல்லம்.

பூவரசு | 4 ஆகஸ்ட் 2025, இரவு 8.20

அண்ணை, கப் பிறகு பாப்பம். முதல் முறையைத் தீர்மானிக்க வேணும்.

சுண்ணாம்புக்கோடு ஐயா, ஏழிலை மூண்டு எண்டதைக் கடதாசியிலை கீறிப் பாத்தன். சரியாத்தான் வருது. அப்ப லீக் எண்டால் இந்தக் கரைச்சல் இல்லைத்தானே?

கணக்கு ரீச்சர் | 4 ஆகஸ்ட் 2025, இரவு 9.30

ஐயா பலமான அணிதான் எப்பவும் வெல்லும் எண்டு எடுத்தவர். நிசத்திலை அப்பிடி இல்லையே. ஆகப் பலமான அணி ஒவ்வொரு ஆட்டத்தையும் வெல்ல பத்துக்கு ஏழு வாய்ப்பு எண்டு எடுங்கோ. மூண்டு ஆட்டமும் தொடர்ந்து வெல்ல 0.7 × 0.7 × 0.7 = 0.343. மூண்டிலை ஒரு பங்குதான்! அப்ப நொக்அவுட்டிலை சம்பியனும் சரியான ஆள் இல்லை எண்டுதான் வரும்.

சுண்ணாம்புக்கோடு | 5 ஆகஸ்ட் 2025, காலை 5.50

ரீச்சர், கணக்கு சரி. ஆனால் அந்த 0.7 எங்கே இருந்து வருகுது என்பதில்தான் விசயம் இருக்குது. அது அணியின் குணம் மட்டும் இல்லை, ஆட்டத்தின் குணமும் கூட. எழுவர் உதைபந்தாட்டம் இருபது இருபது நிமிடம். மொத்தமாக ஒரு கோல், இரண்டு கோல் விழும். ஒரு பந்து காலில் பட்டுத் திரும்பினால் ஆட்டம் போச்சு. கரப்பந்தாட்டத்தில் ஒரு சுற்றுக்கு 25 புள்ளி. ஒரு புள்ளியில் அதிர்ஷ்டம் வரும், அடுத்த பத்துப் புள்ளியில் அது கரைஞ்சு போகும். அதனால் கரப்பந்தில் நொக்அவுட் வைத்தால் பெரும்பாலும் நல்ல அணிதான் நிற்கும். உதைபந்தில் அதே அட்டவணையை வைத்தால் குழம்பும்.

ரீச்சரின் இலக்கத்தையே எடுப்பம். ஒவ்வொரு சந்திப்பையும் மூன்று ஆட்டமாக்கி, இரண்டு வென்றவர் மேலே போகிறார் என்று வையுங்கோ. பத்துக்கு ஏழு இருந்த வாய்ப்பு 0.784 ஆகும். மூன்று சந்திப்பையும் கடக்க 0.784 மூன்று தரம் பெருக்கினால் கிட்டத்தட்ட 0.48. மூன்றில் ஒன்றாக இருந்தது பாதிக்கு வந்திட்டுது, நொக்அவுட்டை விடாமலே. எந்த முறை என்று கேட்கிறதுக்கு முதல் ஓர் ஆட்டம் எவ்வளவு நீளம் என்று கேட்க வேணும் என்று நான் சொல்லுறது இதனாலைதான். இருபது நிமிடப் பாதியை முப்பது ஆக்கினாலே கொஞ்சம் நியாயம் கூடும்.

மிட் விக்கெட் | 5 ஆகஸ்ட் 2025, மாலை 6.10

1996 உலகக் கிண்ணத்தை மறந்திட்டியளோ? தென்னாபிரிக்கா குழுவிலை அஞ்சுக்கு அஞ்சும் வெண்டது. காலிறுதியிலை கராச்சியிலை மேற்கிந்தியாவிட்டை 19 ஓட்டத்தாலை தோத்து வெளியிலை. அந்த மேற்கிந்தியாதான் குழுவிலை கென்யாவிட்டைத் தோத்தது. ஒரு நாள் சறுக்கினால் முழுப் போட்டியும் போச்சு. 1992 இலை மறுவளம். ஒன்பது அணி, எல்லாரும் எல்லாரோடையும். நியூசிலாந்து எட்டிலை ஏழு வெண்டு முதலிடம், பாகிஸ்தான் நாலாவது. கிண்ணம் பாகிஸ்தானுக்கு. முழு லீக் எண்டால் நியூசிலாந்துதானே சம்பியன்?

சிறுபோகம் | 5 ஆகஸ்ட் 2025, இரவு 7.00

பாத்தியளே, நான் சொன்னது.

சுண்ணாம்புக்கோடு | 5 ஆகஸ்ட் 2025, இரவு 9.15

மிட் விக்கெட் தம்பி, 1992 ஐ எடுத்தால் லீக்கின் பலவீனமும் அதுக்குள்ளேயே கிடக்குது. அடிலெய்டில் இங்கிலாந்திடம் பாகிஸ்தான் 74 ஓட்டத்துக்குச் சுருண்டது. மழை வந்து ஆட்டம் கைவிடப்பட்டு ஆளுக்கு ஒரு புள்ளி. கடைசியில் பாகிஸ்தானுக்கு 9, அவுஸ்திரேலியாவுக்கும் மேற்கிந்தியாவுக்கும் 8. ஒரு மழை நாலாவது இடத்தைத் தீர்மானிச்சுது. அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை என்று சிறுபோகம் சொன்னதை அந்த மழைக்குச் சொல்ல ஏலாது.

சிறுபோகத்துக்கு இன்னும் ஒன்று. லீக்கில் எல்லா ஆட்டமும் ஒரே நிறை இல்லை. முதல் நாள் இரண்டு அணியும் உயிரைக் கொடுத்து விளையாடும். கடைசி நாள் ஓர் அணிக்கு ஒன்றும் இல்லை, மற்ற அணிக்கு எல்லாம் இருக்குது. அந்த ஒன்றும் இல்லாத அணி இளம் பெடியளை இறக்கி விளையாடும். எதிரணிக்கு இலேசான மூன்று புள்ளி. அதே அணியை முதல் நாள் சந்தித்த கழகத்துக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. எல்லாரும் எல்லாரோடையும் விளையாடினது உண்மை. எல்லாரும் ஒரே எதிரணியோட விளையாடினார்கள் என்பது உண்மை இல்லை.

குதிரைப் பாய்ச்சல் | 6 ஆகஸ்ட் 2025, மாலை 5.30

வணக்கம். எனக்கு உதைபந்து தெரியாது, செஸ் விளையாடுறனான். எங்கட பக்கம் இந்தச் சண்டை பழசு. 1962 இலை குராசாவோவிலை உலகப் பட்டத்துக்கான தகுதிச் சுற்று, எட்டுப் பேர், ஆளுக்காள் நாலு ஆட்டம். பெட்ரோசியன், கெரஸ், கெல்லர் மூண்டு சோவியத் ஆட்டக்காரரும் தங்களுக்குள்ளை விளையாடின 12 ஆட்டத்தையும் சமன் செய்தவை. பொபி பிஷர் இது கூட்டுச் சதி எண்டு பகிரங்கமாக் குற்றம் சாட்டினார். அடுத்த சுற்றிலை இருந்து உலக சம்மேளனம் முறையையே மாத்தி இருவர் இருவரா மோதுற நொக்அவுட் ஆக்கினது. பிஷர் சொன்னதுதான் சரி. லீக் இல்லாட்டி அவர் அப்பவே வெண்டிருப்பார்.

சுண்ணாம்புக்கோடு | 6 ஆகஸ்ட் 2025, இரவு 8.45

தம்பி, நடந்தது நீங்கள் சொன்னபடிதான். கடைசி வசனத்தோட மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. பெட்ரோசியன் 17½ புள்ளி, கெரசும் கெல்லரும் 17, பிஷர் 14. மூன்றரைப் புள்ளி இடைவெளியை அந்தச் சமன்கள் மட்டும் உண்டாக்கவில்லை. அவர்கள் மூன்று பேருக்கும் ஓய்வு கிடைச்சுது, அது பெரிய உதவிதான். ஆனால் அந்த முறை நியாயமில்லை என்பது வேறு கதை, பிஷர்தான் வென்றிருப்பார் என்பது வேறு கதை.

இப்ப அதே தகுதிச் சுற்று திரும்பவும் லீக்காகத்தான் நடக்குது. 2024 இல் ரொறன்ரோவில் எட்டுப் பேர் இரட்டைச் சுற்று விளையாடி குகேஷ் 14 இல் 9 எடுத்து வந்தவர்.

குதிரைப் பாய்ச்சல் | 6 ஆகஸ்ட் 2025, இரவு 9.10

ஓம், அது சரி. விஸ்வநாதன் ஆனந்த் 2000 இலை நொக்அவுட்டிலை, 2007 இலை மெக்சிகோவிலை லீக்கிலை, 2008 இலை கிராம்னிக்கோட நேருக்கு நேர், மூண்டு முறையிலையும் உலகப் பட்டம் எடுத்தவர். அப்பிடி ஒரு ஆளுக்கு எந்த முறையும் ஒண்டுதான் போல.

பூவரசு | 7 ஆகஸ்ட் 2025, காலை 7.30

எங்களிட்டை ஆனந்த் இல்லை ஐயா. எட்டுக் கழகம், ஒரு மைதானம், இரண்டு நாள். முழு லீக் ஏலுமோ?

சுண்ணாம்புக்கோடு | 7 ஆகஸ்ட் 2025, காலை 8.40

ஏலாது. எட்டு அணி முழு லீக் என்றால் 8 × 7 ÷ 2, அதாவது 28 ஆட்டம். ஆட்டம், இடைவேளை, அணி மாறுகிற நேரம் எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 50 நிமிடம் வையுங்கோ. 23 மணித்தியாலத்துக்கு மேல் வரும். நொக்அவுட் ஏழு ஆட்டம், ஆறு மணித்தியாலத்துக்குள் முடியும்.

நடுவில் ஒரு வழி இருக்குது, இரண்டாம் இடத்துக்காக மட்டும். நொக்அவுட் முடிந்த பிறகு ஒன்றை யோசியுங்கோ. இரண்டாவது நல்ல அணி யாரிடம் தோற்றிருக்க முடியும்? சம்பியனிடம் மட்டும்தான். எட்டு அணிப் போட்டியில் சம்பியனிடம் தோற்றவர்கள் மூன்று பேர்: முதல் ஆட்டத்தில் ஒருவர், அரையிறுதியில் ஒருவர், இறுதியில் ஒருவர். முதல் இரண்டு பேரையும் மோத விட்டு, வென்றவரை இறுதியில் தோற்றவரோட மோத விட்டால் முடிஞ்சுது. இரண்டே இரண்டு மேலதிக ஆட்டம். ஏழு ஒன்பதாகும். ஒட்டுசுட்டானில் இதைச் செய்திருந்தால் உங்கட கழகத்துக்கு இரண்டாம் கிண்ணத்துக்கு ஒரு வழி இருந்திருக்கும். ஒலிம்பிக் மல்யுத்தத்தில் இறுதிக்கு வந்தவர்களிடம் தோற்ற ஆட்களுக்கு வெண்கலத்துக்கு மறுவாய்ப்புக் கொடுக்கிறதும் இந்த யோசனையின் ஒரு வடிவம்தான்.

அம்மன் கோவிலடி | 7 ஆகஸ்ட் 2025, பிற்பகல் 1.20

நல்ல யோசனை. ஆனால் இறுதியாட்டம் முடிஞ்சு கப் குடுத்த பிறகு ஆர் நிண்டு இரண்டாம் இடத்துக்கு விளையாடுறது? காலமை தோத்த அணி பின்னேரம் வரைக்கும் வெயிலுக்கை காத்திருக்குமோ?

சுண்ணாம்புக்கோடு | 7 ஆகஸ்ட் 2025, இரவு 9.00

நீங்கள் பிடிச்ச இடம் சரியான இடம். சம்பியன் யார் என்று தெரியாமல் அந்த ஆட்டத்தை வைக்க முடியாது, அதுதான் இந்த முறையின் முடிச்சு. கரப்பந்துப் போட்டி ஒன்றில் நாங்கள் இதைச் செய்து பார்த்தோம். இறுதியாட்டம் முடியப் பின்னேரம் ஐந்தரை. முதல் சுற்றில் தோற்ற அணியைத் தேடினால் மாங்குளம் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறிப் போயிட்டினம். காகிதத்தில் அழகான முறை, பஸ் நேரத்தோட ஒத்துவராது. இறுதியாட்டத்தை இரண்டாம் நாள் காலையில் வைத்தால் மட்டும் ஏலும்.

அதனால் பூவரசு, உங்கட நிலைமைக்கு இரண்டு குழு, குழுவுக்கு நாலு அணி. குழுவுக்கு ஆறு ஆட்டம், மொத்தம் பன்னிரண்டு. பிறகு அரையிறுதி இரண்டு, இறுதி ஒன்று. பதினைந்து ஆட்டம், பன்னிரண்டரை மணித்தியாலம். இரண்டு நாளுக்குள் அடங்கும். ஒவ்வொரு அணிக்கும் குறைந்தது மூன்று ஆட்டம் கிடைக்கும், ஒரு கோலோட வீட்டுக்குப் போகிற கதை இல்லை.

சிறுபோகம் | 8 ஆகஸ்ட் 2025, காலை 6.40

சரி, நாலு பேர் லீக் எண்டாலும் எனக்குச் சம்மதம். அதிலை பிழை வராதுதானே?

சுண்ணாம்புக்கோடு | 8 ஆகஸ்ட் 2025, இரவு 10.10

வரும். 1982 உலகக் கிண்ணத்தில் ஸ்பெயினின் ஹிஹோன் நகரத்தில் வந்தது. அந்தக் குழுவில் அல்ஜீரியா தன் மூன்று ஆட்டத்தையும் ஒரு நாள் முந்தியே முடித்திட்டுது. வெற்றிக்கு இரண்டு புள்ளி இருந்த காலம், அவர்களுக்கு 4 புள்ளி. அடுத்த நாள் ஜூன் 25 மேற்கு ஜேர்மனியும் ஒஸ்ரியாவும். ஒஸ்ரியாவுக்கு ஏற்கனவே 4, ஜேர்மனிக்கு 2. ஜேர்மனி ஒன்று அல்லது இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால் இரண்டு அணியும் மேலே போகும், அல்ஜீரியா வெளியே. இரண்டு அணிக்கும் இது மைதானத்துக்கு இறங்க முதலே தெரியும். முதல் பத்து நிமிடத்துக்குள் ஜேர்மனி ஒரு கோல் போட்டது. மிச்சமெல்லாம் பந்தைப் பின்னுக்கும் பக்கத்துக்கும் தட்டினதுதான். ஒரு விதியும் மீறப்படவில்லை, முடிவு அப்படியே நின்றது. 1986 இலிருந்து குழுவின் கடைசி இரண்டு ஆட்டமும் ஒரே நேரத்தில் தொடங்க வேணும் என்று ஆக்கினார்கள்.

இந்தப் பக்கமும் நான் அதைக் கண்ணால் பார்த்தவன். இரண்டு அணிக்கும் சமன் போதும். கடைசிப் பத்து நிமிடம் பந்து நடுக்கோட்டைத் தாண்டவில்லை. கோல் காப்பாளர் பந்தைக் காலுக்குக் கீழே வைத்துக்கொண்டு நிற்கிறார், எதிரணி முன்னணி வீரர் பத்தடி தள்ளி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். சனம் கூவுது. மத்தியஸ்தருக்கு ஊதுகிறதுக்கு ஒரு குற்றமும் கிடைக்கவில்லை. வெளியே போன மூன்றாவது அணியின் பெடியள் வேலியோரம் நின்று பார்த்தார்கள். நொக்அவுட்டில் இது நடக்கவே நடக்காது. அங்கே இரண்டு பேரும் ஒரே முடிவை விரும்ப இடமில்லை. நொக்அவுட்டுக்கு நான் கொடுக்கிற பெரிய மதிப்பு அதுதான்.

பூவரசு | 9 ஆகஸ்ட் 2025, காலை 7.00

ஒரு மைதானத்திலை ஒரே நேரத்திலை இரண்டு ஆட்டம் எப்பிடி வைக்கிறது ஐயா?

சுண்ணாம்புக்கோடு | 9 ஆகஸ்ட் 2025, மாலை 6.30

எழுவர் ஆட்டம்தானே, அதனால் ஏலும். பெரிய மைதானத்தை நடுக்கோட்டில் பிரித்து, இரண்டு பாதியிலும் குறுக்காக ஆடுகளம் போடுங்கோ. பக்கக் கோடு இருந்த இடத்தில் கோல் வரும். நாலு கோல் வேணும், காட்டுத்தடி நட்டுக் குறுக்கே கயிறு கட்டினால் போதும். முதல் நாளில் இருந்தே எல்லாக் குழு ஆட்டத்தையும் இந்தச் சின்ன ஆடுகளத்திலேயே வையுங்கோ. கடைசிச் சுற்றுக்கு மட்டும் ஆடுகளம் சுருங்கினால் ஓடி விளையாடுகிற அணிக்கு அது அநியாயம். நடுவில் பத்தடி இடம் விடுங்கோ, பக்கத்து ஆட்டத்துப் பந்து உள்ளே வரும். விசில் இரண்டும் வேறு வேறு சத்தமாக இருக்க வேணும், இல்லாட்டி இந்தப் பக்கத்து விசிலுக்கு அந்தப் பக்கத்து அணி நிற்கும்.

கணக்கு ரீச்சர் | 9 ஆகஸ்ட் 2025, இரவு 8.00

மூண்டு அணி சம புள்ளி எண்டால்? அ ஆவை வெல்லுது, ஆ இயை வெல்லுது, இ திரும்ப அ அணியை வெல்லுது. நேரடி ஆட்டத்தைப் பாத்தால் வட்டமாச் சுத்தும்.

சுண்ணாம்புக்கோடு | 9 ஆகஸ்ட் 2025, இரவு 9.20

சுற்றும். அப்ப கோல் வித்தியாசம்தான் கை கொடுக்கும். ஆனால் கோல் வித்தியாசத்தை முதல் விதியாக வைத்தால், பலவீனமான நாலாவது அணியை யார் கூட அடிக்கிறார்கள் என்கிறதுதான் தீர்மானிக்கும். 2019 கிரிக்கெட் உலகக் கிண்ணத்தில் பாகிஸ்தானும் நியூசிலாந்தும் 11 புள்ளி. நேரடி ஆட்டத்தில் பாகிஸ்தான்தான் வென்றது, ஓட்ட விகிதத்தில் நியூசிலாந்து அரையிறுதிக்குப் போனது. இரண்டு அணி சமன் என்றால் நேரடி ஆட்டம், மூன்று அணி என்றால் கோல் வித்தியாசம் என்று வைப்பது எனக்குப் பிடிக்கும்.

மிட் விக்கெட் | 10 ஆகஸ்ட் 2025, காலை 9.00

எனக்குப் பிடிக்காது. முழுப் போட்டியிலையும் எப்பிடி விளையாடினது எண்டுதான் பாக்க வேணும், ஒரு ஆட்டத்தை இல்லை. பிறகென்ன லீக்?

சுண்ணாம்புக்கோடு | 10 ஆகஸ்ட் 2025, இரவு 8.15

உங்கட பக்கத்திலும் ஞாயம் இருக்குது தம்பி. இதில் எனக்கு உங்களை மறுக்க உறுதியான காரணம் இல்லை.

பூவரசு | 13 ஆகஸ்ட் 2025, இரவு 9.50

நேற்றுக் கூட்டம் முடிஞ்சுது. இரண்டு குழு, கடைசிச் சுற்று ஒரே நேரத்திலை, அரையிறுதி இரண்டாம் நாள் பின்னேரம். குழுவிலை முதலாவதா வந்த அணிக்கு அரையிறுதியிலை ஏதும் சலுகை குடுக்கிறதோ எண்டு பெரிய வாக்குவாதம், முடிவில்லை. சமன் எண்டால் தண்ட உதை இல்லாமல் முதலாவது அணி போகட்டும் எண்டு ஒருத்தர், அப்பிடி எண்டால் அவை தடுத்தே விளையாடுவினம் எண்டு இன்னொருத்தர். வேறை ஏதும் மறந்திட்டமோ ஐயா?

சுண்ணாம்புக்கோடு | 14 ஆகஸ்ட் 2025, காலை 6.00

ஒன்று மறந்திட்டியள். இடையில் விலகுகிற அணி. இரண்டு ஆட்டம் தோற்ற கழகம் இரண்டாம் நாள் வராது, நெல்லு வெட்டு என்று சொல்லும். அப்ப அதை ஏற்கனவே வென்ற அணிக்கு மூன்று புள்ளி, இனி சந்திக்க இருந்த அணிக்கு என்ன? செஸ்ஸில் விதி தெளிவு: பாதி ஆட்டத்துக்குக் குறைவாக விளையாடி விலகினால் அவரின் முடிவுகளைப் புள்ளி அட்டவணையில் எடுக்கிறதில்லை. பாதியோ அதுக்கு மேலோ விளையாடியிருந்தால் மிச்ச ஆட்டம் எதிராளிகளுக்கு வெற்றி. உங்கட குழுவில் மூன்றுதான், ஆகவே ஓர் ஆட்டத்தோட போனால் அழியுங்கோ, இரண்டு விளையாடிப் போனால் மூன்றாவது எதிரணிக்கு 2-0 என்று எழுதுங்கோ. அந்த 2-0 கோல் வித்தியாசத்தில் சேருமா என்றும் எழுதுங்கோ. இதைச் சீட்டுக் குலுக்க முதல், எட்டுக் கழகச் செயலாளரும் கையெழுத்து வைக்கிற தாளிலேயே போட்டு வையுங்கோ. குலுக்கின பிறகு எழுதினால் எந்தக் கழகத்துக்காக எழுதினது என்ற கேள்வி வரும்.

பூவரசு | 14 ஆகஸ்ட் 2025, இரவு 7.40

போட்டாச்சு ஐயா. 2-0 சேரும் எண்டு எழுதினம். மிட் விக்கெட் அண்ணை மட்டும் கையைத் தூக்கேல்லை.